கரை வைத்த பக்கம்

அக்கா பேருந்து நடத்துநராக இருந்த காலத்தில், அவள் தோள்பையில் டிக்கெட் கட்டுகளுக்குப் பின்னால் எப்போதும் ஒரு துப்பறியும் நாவல் ஒளிந்திருக்கும். கடைசி நிறுத்தத்தில் ஓட்டுநர் டீ குடிக்க இறங்கியதும் அவள் பின்சீட்டின் ஜன்னலோரத்தில் போய் உட்கார்ந்துவிடுவாள். அவர் திரும்பி வந்து ஹாரனை அடித்தால்தான் தலை நிமிரும்.

"என்னம்மா, கொலைகாரன் கிடைச்சானா? வண்டிய எடுக்கலாமா?"

"எடுங்கண்ணே. அவன் எங்கயும் ஓடிட மாட்டான்."

ஒரே ஒரு முறை வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே அவள் புத்தகத்தைத் திறந்துவிட்டாள். அன்று ஒரு நிறுத்தம் விசிலே இல்லாமல் கடந்து போனது. இறங்க வேண்டியவர்கள் கத்தித் தீர்த்தார்கள். அக்கா நிதானமாகப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு சொன்னாளாம்: "தப்புதான், மன்னிச்சுக்கங்க. ஆனா அந்த ஆளு அப்பதான் இருட்டு ரூம் கதவைத் திறக்குறான். நீங்களா இருந்தா விசில் அடிப்பீங்களா?" கத்தியவர்களில் ஒருவர் இறங்கும்போது, உள்ளே யார் இருந்தார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் இறங்கினார்.

இந்தக் கதையை அவள் தம்பி ஆயிரம் முறை கேட்டிருப்பான். அவனுக்கு அலுத்ததே இல்லை.

தம்பியின் பிழைப்பும் புத்தகத்தோடுதான். பேட்டரிக் கடைக்கு மேலே, குறுகலான படியேறிப் போனால் வரும் சின்னப் பதிப்பகத்தில் அவன் மின்னூல் செய்கிறவன். அச்சுக்குப் போகும் கோப்பை வாங்கி, அதைக் கைப்பேசியிலும் டேப்லெட்டிலும் படிக்கிற மாதிரி மாற்றித் தருவது அவன் வேலை. எந்நேரமும் கழுத்தை வளைத்துக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதால் அலுவலகத்தில் அவனுக்குக் 'கமா' என்று பெயர். பதிப்பகத்தை நடத்தும் ஆசிரியரம்மாவே அப்படித்தான் கூப்பிடுவார். அவனும் 'என்னங்கம்மா' என்று திரும்புவான்.

மின்னூல் என்றால் என்ன என்று அக்கா கேட்டபோது அவன் இப்படி விளக்கினான்: "எழுத்தெல்லாம் ஒரு கோப்புல இருக்கும். அது உடம்பு. எழுத்து எவ்வளவு பெருசு, ஓரத்துல எவ்வளவு இடம், வரிக்கு வரி எவ்வளவு இடைவெளி, பின்னால என்ன நிறம், இதெல்லாம் இன்னொரு கோப்புல இருக்கும். அது பேரு சிஎஸ்எஸ். அது உடுப்பு. உடுப்ப மாத்துனா உடம்பு மாறாது."

"அப்போ நீ தையல்காரன்னு சொல்லு. படிக்க வச்சதுக்கு இதுதான் கண்ட பலன்."

அவர்கள் ஒரே கட்டடத்தில் இருந்தார்கள். தம்பியும் அவன் மனைவியும் கீழே, அக்கா மாடியில். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "பஸ்ஸுல தினம் ஆயிரம் ஆம்பளைங்கள பாக்குறேன், ஒருத்தனாச்சும் சரியா சில்லறை வச்சிருக்கானா?" என்பாள். ஓய்வு பெற்ற பிறகு தம்பி அவளுக்கு ஒரு டேப்லெட் வாங்கித் தந்து, பதிப்பகம் வெளியிடும் துப்பறியும் நாவல்களை எல்லாம் அதில் ஏற்றிவிட்டான். அன்றிலிருந்து மாடியில் சத்தமே இருக்காது. திடீரென்று ஒரு நாள் கூரை அதிரும்படி, "ஐயோ, டிரைவர்தானா!" என்று ஒரு குரல் கேட்கும். கீழே அவன் மனைவி சிரித்துக்கொண்டே சொல்வாள்: "அண்ணிக்கு ஒரு புக் முடிஞ்சிருச்சு."

அப்படி ஒரு நாவலில் பாதியில் இருந்தபோதுதான் அது நடந்தது. காலையில் குவளையில் தண்ணீர் ஊற்றிய அக்கா, குவளைக்கு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றுவது அவளுக்கே தெரியவில்லை. மூளைக்குப் போகும் ரத்தம் சற்று நேரம் தடைப்பட்டிருந்தது. சட்டென்று மருத்துவமனைக்குக் கொண்டு போனதால் பிழைத்தாள். கை திரும்பியது. பேச்சும் திரும்பியது, முன்னைவிட அதிகமாகவே. பார்வையில் மட்டும் இடது பாதி திரும்பவில்லை. கண் நன்றாகத்தான் இருக்கிறது, இரண்டு கண்ணும் கொண்டுபோய்க் கொடுக்கிற படத்தின் இடது பக்கத்தை மூளை வாங்கிக்கொள்ள மறுக்கிறது என்று டாக்டர் சொன்னார். வலப்பக்கம் நிற்பவர் முழுசாகத் தெரிவார். இடப்பக்கம் நிற்பவர் இல்லவே இல்லை. கதவு நிலையின் இடதுபக்கம் ஓயாமல் அவள் தோளை இடித்தது.

"இனிமே அண்ணிகிட்ட திட்டு வாங்காம இருக்கணும்னா ஒரே வழிதான். இடதுபக்கமா போய் நின்னுக்கணும்" என்றாள் அவன் மனைவி.

"காது ரெண்டும் கேக்குதுடி எனக்கு" என்றாள் அக்கா.

சிரிப்பு எல்லாம் டேப்லெட்டைக் கையில் எடுக்கும்வரைதான். விட்ட இடத்திலிருந்து நாவலைத் தொடரலாம் என்று அக்கா உட்கார்ந்தாள். ஒரு வாரம் கழித்து, தம்பி மாடிக்குப் போனபோது வெற்றியோடு சொன்னாள்: "தோட்டக்காரன்தான்டா. அவனே ஒத்துக்கிட்டான்."

தம்பிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த மின்னூலைச் செய்தவன் அவன். வரிக்கு வரி பார்த்தவன். அந்தத் தோட்டக்காரன் பாவம், செடிக்குத் தண்ணீர் விடுவதைத் தவிர அந்தக் கதையில் வேறெதுவும் செய்யவில்லை. "எந்த இடம்? படிச்சுக் காட்டு" என்றான்.

அக்கா படித்தாள். ஒவ்வொரு வரியிலும் முதல் சொல் விழுந்துகொண்டே வந்தது. 'அவளை நான்' என்று ஒரு வரி முடிந்தது. அடுத்த வரியின் தொடக்கத்தில் 'கொல்லவில்லை' என்று இருந்தது. அது அவள் பார்வைக்குள் வரவேயில்லை. மிச்சத்தை அவளாகவே இட்டு நிரப்பியிருந்தாள். சில வரிகளை அப்படியே தாண்டினாள். சில வரிகளை இரண்டு முறை படித்தாள். ஒரு பக்கம் முடிவதற்குள் நெற்றி வேர்த்துவிட்டது.

தம்பி மெல்ல விஷயத்தைச் சொன்னான்.  அக்கா டேப்லெட்டை மூடி, அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தாள்.

"சரி விடு. பாதி ரோட்டுல வண்டி ஓட்ட முடியாது."

"நான் படிச்சுக் காட்டட்டுமா?"

"உன் குரல்லயா? கொலைகாரனே தூங்கிருவான்."

"அப்ப யாருன்னு மட்டும் சொல்லிடறேன்."

அக்கா திரும்பினாள். "வாயத் தொறந்தே, அடுத்த கொலை இந்த வீட்லதான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அதற்குப் பிறகு மாடி வேறு மாதிரி அமைதியானது. படிக்கிறவளின் அமைதி ஒன்று, சும்மா உட்கார்ந்திருப்பவளின் அமைதி ஒன்று. கீழே இருந்து கேட்டாலே வித்தியாசம் தெரிந்தது. அந்த ஒரு நாவலையாவது அவள் தன் கண்ணால் படித்து முடிக்க வேண்டும் என்று தம்பி தீர்மானித்தான். உடம்பைத் தொட வேண்டாம். உடுப்பைத்தானே மாற்ற வேண்டும்? அது அவன் தொழில்.

பதிப்பகத்தின் மின்னூல்களுக்கு ஆசிரியரம்மா தேர்ந்தெடுத்த ஒரு தோற்றம் உண்டு. பளிச்சென்ற வெள்ளை, ஓரம் ஒட்ட எழுத்து, நெருக்கமான வரிகள். பார்க்க எடுப்பாக இருக்கும். அக்காவுக்கோ நீள வரியின் வலது கோடியிலிருந்து அடுத்த வரியின் இடது தொடக்கத்துக்குத் திரும்புகிற பயணம்தான் பெரும்பாடு. ஓரத்தை அகலமாக்கினால் வரி குட்டையாகும், பயணமும் குறையும். வரிகளைத் தள்ளி வைத்தால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ மாட்டாள். வெள்ளை கண்ணைக் கூசுகிறது என்று வேறு சொல்லிக்கொண்டிருந்தாள்.

முதல் முயற்சி கேலிக்கூத்தாக முடிந்தது. அவசரத்தில் வரி இடைவெளியைப் பிக்சல் கணக்கில், மாறாத அளவாக, எழுதிவிட்டான். அக்கா டேப்லெட்டை வாங்கியதும் வழக்கம்போல எழுத்தைப் பெரிதாக்கினாள். எழுத்து வளர்ந்தது, இடைவெளி வளரவில்லை. மேல்வரியின் உகரச் சுழிகள் கீழ்வரியின் இகர வளைவுகளில் போய்ச் சிக்கிக்கொண்டன.

"என்னடா இது, காலைல எட்டு மணி பஸ் மாதிரி! ஒருத்தன் தலைல இன்னொருத்தன் கால்!"

பிக்சலை எடுத்துவிட்டு வெறும் எண்ணாக, எழுத்தின் அளவைப் போல ஒன்றே முக்கால் மடங்கு என்று எழுதினான். இப்போது எழுத்தைப் பெரிதாக்கினால் இடைவெளியும் கூடவே வளர்ந்தது. "உள்ள போங்க, உள்ள போங்கன்னு சொல்லி எடம் பண்ணிட்ட" என்று அக்கா ஒப்புக்கொண்டாள்.

நிறத்துக்கு ஒரு மாலை முழுக்க ஆனது. லேசான பச்சையைக் காட்டினான். "ஆஸ்பத்திரி செவரு" என்றாள். சாம்பலைக் காட்டினான். "மழைல நனைஞ்ச அட்டை" என்றாள். வெண்மையில் கொஞ்சம் மஞ்சளும் கொஞ்சம் பழுப்பும் சேர்த்ததைக் காட்டியதும் டேப்லெட்டைக் கையில் வாங்கிக்கொண்டாள். "இது எங்க பழைய டிக்கெட்டு நிறம். இதையே வை."

அன்றைக்கு அவன் வீட்டில் மளமளவென்று வேலை செய்தான். ஒவ்வொரு அத்தியாயத்தையும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டிக்குள் போட்டிருந்தான். அந்தப் பெட்டிக்கு அந்த டிக்கெட் நிறத்தையும் இரண்டு பக்கமும் அகலமான ஓரத்தையும் கொடுத்தான். தன் கைப்பேசியில் ஏற்றி, பக்கம் புரள்கிறதா என்று மட்டும் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, அக்காவின் டேப்லெட்டில் ஏற்றினான். செயலியில் பதிப்பாளர் வடிவமைப்பு என்ற தெரிவையும் மறக்காமல் போட்டான். அதைப் போடாவிட்டால் செயலி தன் இஷ்டத்துக்குத்தான் உடுத்திவிடும்.

மூன்றாம் நாள் மாடியிலிருந்து அந்தப் பழைய அமைதி இறங்கி வந்தது. அவன் மனைவி படியில் நின்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு, விரலை உதட்டில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். "படிக்கிறாங்க" என்றாள் ரகசியமாக, குழந்தை தூங்குகிறது என்று சொல்வதைப் போல.

"தோட்டக்காரன் இல்லடா" என்று அக்கா மறுநாள் அறிவித்தாள். "அவன்கிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும். இப்ப எனக்கு அந்த அத்தை மேலதான் சந்தேகம்."

தம்பி முகத்தை மரக்கட்டையாக வைத்துக்கொண்டான்.

கதை அங்கேயே நல்லபடியாக முடிந்திருக்கும். அவன் தொழில்காரனாக இல்லாமலிருந்தால்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காவோடு பேசிக்கொண்டிருந்தவன், தற்செயலாகத் திறந்திருந்த பக்கத்தைப் பார்த்தான். பார்த்ததும் காது சிவந்துவிட்டது. டிக்கெட் நிறம் எழுத்துக்குப் பின்னால் மட்டும் ஒரு பட்டையாக நின்றது. இரண்டு பக்க ஓரமும் பளீர் வெள்ளை. அத்தியாயம் முடிந்த பக்கத்தில், எழுத்து நின்ற இடத்தோடு நிறமும் நின்றுபோய் மிச்சம் வெள்ளையாகக் கிடந்தது. சட்டைக்குப் பதிலாகக் கைக்குட்டையை நெஞ்சில் குத்திவிட்டதைப் போல இருந்தது.

தவறு எங்கே என்று கணினியைத் திறக்காமலேயே அவனுக்குத் தெரியும். பெட்டிக்கு வெளியே விடும் இடம் மார்ஜின். பெட்டிக்கு உள்ளே விடும் இடம் பேடிங். பின்னணி நிறம் பேடிங் வரைதான் பாயும், மார்ஜினுக்குப் பாயாது. அவன் பேடிங் என்று எழுத வேண்டிய இடத்தில் மார்ஜின் என்று எழுதியிருந்தான். இத்தனை வருட அனுபவத்தில், முதல் வாரத்துக்காரன் செய்யும் பிழை.

"அக்கா, இது தப்பு. அசிங்கமா இருக்கு. நீ ஏன் சொல்லல?"

"எது?"

"இந்த வெள்ளை. பக்கம் முழுக்க நிறம் வரணும்."

"எனக்கென்னடா தெரியும், உங்க ஃபேஷன் இதுன்னு நெனச்சேன்."

அன்று மாலையே சரிசெய்தான். ஓரத்துக்கு ஒரு சொல்லை மாற்றி, அத்தியாய முடிவுக்கு ஒரு வரி சேர்க்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். புதியதை ஏற்றினால் செயலி சில நேரம் பழையதையே காட்டித் தொலைக்கும் என்பதால், டேப்லெட்டிலிருந்து பழையதை முழுக்க அழித்துவிட்டுப் புதியதைப் போட்டான். இப்போது பக்கம் ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே மென்மையான நிறம். ஆசிரியரம்மாவிடமே காட்டலாம் போலிருந்தது. "பாத்தியா, எப்படி இருக்கு!" என்றான்.

"அழகா இருக்குடா" என்றாள் அக்கா. அழகாகத்தான் இருந்தது.

அவள் புத்தகத்தின் கடைசிப் பகுதிக்கு வந்திருந்தாள். இரண்டு நாளில் முடித்துவிடுவாள், கூரை அதிரும் என்று கீழே இருவரும் காத்திருந்தார்கள். கூரை அதிரவில்லை. ஒரு வாரம் போனது. கேட்டால், "கொஞ்சம் அசதியா இருக்கு" என்றாள். பிறகு, "வெயில்" என்றாள். பிறகு ஒரு நாள் யாரும் கேட்காமலே அவள் சொன்னாள்: "தம்பி, மறுபடியும் வரிங்க ஓடுதுடா. முன்ன மாதிரி."

இடையில் அவன் செய்தது என்ன என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. ஏன் தோன்ற வேண்டும்? இருந்த பிழையை எடுத்துவிட்டு ஒழுங்கானதை வைத்தவன் அவன். ஓரத்தின் அகலம் அதே அகலம், வரிகளின் இடைவெளி அதே இடைவெளி. அவனுக்குத் தோன்றியதெல்லாம் டாக்டர் முதல் நாள் சொன்ன ஒரு வாக்கியம்தான்: இது இன்னொரு முறையும் வரலாம். அக்காவுக்கும் அதுதான் தோன்றியிருந்தது. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் அதையே நினைத்துக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் தட்பவெப்பம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இப்படியே ஊமைக்கோட்டான் மாதிரி ரெண்டு பேரும் உக்காந்திருந்தா ஆகாது" என்றாள் அவன் மனைவி. "நாளைக்கே டாக்டர்கிட்ட போங்க."

மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாக இருந்தன. தம்பி எச்சரிக்கையாக அக்காவுக்கு வலப்பக்கம் உட்கார்ந்தான். அவள் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு எதிர்ச்சுவரைப் பார்த்திருந்தாள். பஸ்ஸில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போன தோள்கள் சுருங்கி இருந்தன.

"பெருசா ஏதாவது சொன்னா, எங்கிட்ட மறைக்காத" என்றாள்.

"ஒண்ணும் இருக்காது."

"நான் ஒண்ணும் சாவுக்குப் பயப்படல. அந்த அத்தைதானா இல்லையான்னு தெரியாம போறதுக்குத்தான் எரிச்சலா இருக்கு."

 பதிவு அறையில் ஏதோ கையெழுத்துப் போட வேண்டும் என்று கூப்பிட்டார்கள். போகும்போது தன் கைப்பேசியை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனான். வீட்டிலிருந்து மனைவி கூப்பிடுவாள், எடுத்துப் பேசு என்றான்.

திரும்பி வரச் சற்று நேரமானது. தூரத்திலிருந்தே பார்த்தான். அக்கா குனிந்திருந்தாள். வலது கைக் கட்டைவிரல் திரையில் ஒரு தள்ளு தள்ளியது. கொஞ்ச நேரம். மறுபடி ஒரு தள்ளு. கொஞ்ச நேரம். மறுபடி ஒன்று. சீராக, டிக்கெட் கிழிக்கிற தாளத்தில். அவன் அப்படியே நின்றுவிட்டான்.

பக்கத்தில் வந்து, "அக்கா, படிக்கிறியா?" என்றான்.

"பேசாத. கதவைத் திறக்குறான்."

அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். அவன் கைப்பேசியில், பக்கம் புரள்கிறதா என்று தட்டிப் பார்ப்பதற்காக ஏற்றிய அந்தப் பழைய கோப்பு. அதை அழிக்க அவன் மறந்திருந்தான், காத்திருந்த அலுப்பில் அவள் அதைத் திறந்திருந்தாள். சின்னத் திரை, பெரிய எழுத்து, ஒரு வரிக்கு மூன்று நான்கு சொல்தான். எழுத்துக்குப் பின்னால் டிக்கெட் நிறத்தில் ஒரு பட்டை. இரண்டு பக்கமும் பளீர் வெள்ளை. அவன் வெட்கப்பட்ட அதே பக்கம்.

"அக்கா, கொஞ்சம் சத்தமா படி."

"ஏன்டா தொல்லை பண்ற?" என்றாலும் படித்தாள். ஒரு சொல் விழவில்லை. ஒரு வரி தாண்டவில்லை. அவன் அவசரமாகப் பையிலிருந்து டேப்லெட்டை எடுத்து, தான் ஒழுங்காக்கிய பக்கத்தைத் திறந்து கொடுத்தான். எழுத்தின் அளவையும் ஒரு வரிக்கு மூன்று நான்கு சொல்லே வரும்வரை ஏற்றினான், வரியும் கைப்பேசியைப் போலக் குட்டையானது. அக்கா படித்தாள். முதல் வரி சரி. இரண்டாம் வரியில் தலை போயிற்று. நான்காம் வரியைக் காணவில்லை.

"இதுல என்னடா வித்தியாசம்?" என்றாள் அவளும் திகைத்துப்போய்.

"நீதான் சொல்லணும்."

அக்கா இரண்டையும் மடியில் பக்கம் பக்கமாக வைத்துக்கொண்டு, டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி தலையை இடதுபக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இந்தப் பழசுல, தலையத் திருப்பிப் போயிட்டே இருந்தா ஒரு எடத்துல வெள்ளையா முட்டுது. ஓ, இங்கதான் வரி ஆரம்பிக்குதுன்னு நின்னுக்கறேன். புதுசுல எல்லாம் ஒரே நெறம். எங்க நிக்கிறதுன்னு தெரியல. கரை இல்லாத தண்ணி மாதிரி." டேப்லெட்டை அவன் பக்கம் தள்ளி, "கரை வச்சுக் குடுத்தவன் நீதான். எடுத்தவனும் நீதான்" என்றாள்.

தம்பிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இத்தனை நாள் இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு நோயை வளர்த்திருந்தார்கள். அந்த நோயின் பெயர் பேடிங்.

"உன்ன..." என்று அக்கா கையை ஓங்கினாள். ஓங்கிய கை அவன் தலையில் இறங்கி, முடியைக் கலைத்துவிட்டுப் போனது. "நான் என்னென்னவோ நெனச்சுட்டேன்டா."

"நானும்தான்."

அக்காவை உள்ளே கூப்பிட்டார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. கைப்பேசியை மறுபடி எடுத்துக்கொண்டாள். "ரெண்டு பக்கம்தான் இருக்கு. அடுத்தவங்கள போகச் சொல்லு."

"அக்கா, டாக்டர் கூப்பிடறாரு!"

"அவர் எங்க போயிடப் போறாரு?"

அடுத்தவர் உள்ளே போனார். கூடத்தில் மின்விசிறி சுற்றியது. ஒரு தள்ளு. இன்னொரு தள்ளு. பிறகு அந்த மருத்துவமனையின் கூரை அதிர்ந்தது.

"அட அத்தை இல்லையா! அந்த வக்கீலா!" எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா தம்பியைக் கண்ணீரோடு முறைத்தாள். "மொதல்லேந்தே தெரிஞ்சுகிட்டு எவ்வளவு பாவமா மூஞ்சிய வச்சிருந்த! திருட்டுப் பயலே!"

உள்ளே போனதும் டாக்டர் சோதித்துவிட்டு, பார்வை முன்பு இருந்தபடிதான் இருக்கிறது, எதுவும் கூடவில்லை என்றார். இரண்டு பக்கங்களையும் காட்டினார்கள். அவருக்கு வியப்பே இல்லை. "நாங்க காகிதத்துல படிக்கிறவங்களுக்கு இடது ஓரத்துல அழுத்தமா ஒரு கோடு போட்டுக்கச் சொல்லுவோம்மா. கண்ணு அந்தக் கோட்டத் தேடிப் போகும். கோடு தெரியற வரைக்கும் தலையத் திருப்பணும். நீங்க டேப்லெட்டுல படிக்கிறீங்கன்னு எனக்கு யாரும் சொல்லலையே."

"சொல்லியிருந்தா கோடு போட்டிருப்பான். இப்ப பாருங்க, தப்பாலயே போட்டுட்டான். எங்க குடும்பத்துல எல்லாமே இப்படித்தான் டாக்டர்" என்றாள் அக்கா.

அதற்குப் பிறகு பதிப்பகத்தில் ஒவ்வொரு துப்பறியும் நாவலுக்கும் அவன் இரண்டு உடுப்புத் தைத்தான். ஒன்று கடைக்கு, ஒன்று அக்காவுக்கு. அக்காவின் உடுப்பை ஒரு முறை ஆசிரியரம்மா பார்த்துவிட்டார். "கமா, என்னப்பா இது? நிறம் பாதியில நிக்குது. மார்ஜினையும் பேடிங்கையும் மாத்திப் போட்டிருக்கே. கண்ராவியா இருக்கு."

"ஆமாங்கம்மா" என்றான் அவன். "அது அப்படித்தான்." காரணத்தைச் சொன்னதும் ஆசிரியரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு புது நாவல் வரும்போதெல்லாம், கடைக்குப் போகும் முன்பே, "நடத்துநரம்மாவுக்கு அனுப்பிட்டியா?" என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டார்.

யாரோ நல்ல மனசோடு ஒரு நாள் சரிசெய்துவிடக் கூடாதே என்று, அந்த சிஎஸ்எஸ் கோப்பின் உச்சியில் அவன் ஒரு குறிப்பு எழுதி வைத்தான். இரண்டு பக்கமும் சாய்கோடும் நட்சத்திரக் குறியும் போட்டு அடைத்த குறிப்பு. வாசிப்புச் செயலி அதைக் கண்டுகொள்ளாது, கோப்பைத் திறக்கிற மனிதர் கண்ணுக்கு மட்டும் தெரியும். 'இது பிழை அல்ல, கரை. தொடாதீர்கள்.'

அக்கா அதற்குப் பிறகு எத்தனையோ கொலைகாரர்களைப் பிடித்தாள். பெரும்பாலும் தவறான ஆளைத்தான் முதலில் பிடிப்பாள். கீழ்வீட்டில் கூரை பலமுறை அதிர்ந்தது. அவள் போனது ஒரு நாவலை முடித்த மறுவாரம். அடுத்ததை இன்னும் தொடங்கியிருக்கவில்லை. பாதியில் விட்டுவிட்டுப் போகவில்லை என்பதில் தம்பிக்கு ஓர் ஆறுதல் இருந்தது. அந்த ஆறுதலை வெளியே சொன்னால் யாருக்கும் புரியாது. மனைவிக்குப் புரிந்தது.

மாடி அமைதியாகி மாதங்கள் போன பிறகு பதிப்பகத்துக்கு ஒரு புது நாவல் வந்தது. கடைக்கான உடுப்பைத் தைத்து முடித்தான். ஆசிரியரம்மா வாயைத் திறந்து, ஏதோ கேட்க வந்து, மூடிக்கொண்டார். அவன் கை அதுபாட்டுக்கு அக்காவின் கோப்பை எடுத்து இணைத்துவிட்டது. இணைத்ததை அழிக்கவும் மனம் வரவில்லை. தன் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டான்.

வீட்டுக்குப் போகும் பேருந்தில் பின்சீட்டின் ஜன்னலோரம் காலியாக இருந்தது. உட்கார்ந்து திறந்தான். எழுத்துக்குப் பின்னால் டிக்கெட் நிறம், இரண்டு பக்கமும் வெள்ளைக் கரை. அவன் கண்கள் நல்ல கண்கள், அவனுக்குக் கரை தேவையில்லை. ஆனாலும் ஒவ்வொரு வரி முடிவிலும் கண் இடதுபக்கம் போய் அந்த வெள்ளையை மெல்லத் தொட்டுவிட்டுத் திரும்பியது. வரிகள் நிதானமாக நகர்ந்தன. யாரோ ஒருவன் மாடிப்படி ஏறினான். விளக்கு அணைந்தது. கைப்பிடியில் கை வைத்தான்.

"சார், கடைசி ஸ்டாப்பு. இறங்கலையா?"

நிமிர்ந்தான். பேருந்து காலி. அவன் நிறுத்தம் எப்போதோ போயிருந்தது. எதிரே நடத்துநர் பையை மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். விசில் அடித்திருப்பார், அடித்ததெல்லாம் காதில் விழவில்லை.

"மன்னிச்சுக்கங்க" என்றான் தம்பி. "கதவைத் திறந்துட்டு இருந்தான்."